மதிப்பெண் விழுக்காட்டைத் திரள் தரப்புள்ளிச் சராசரியாக மாற்றுதல்

விழுக்காடு - தரப்புள்ளி மாற்றம் என்பது, 100-க்கு இத்தனை என்று கணக்கிடப்பட்ட மதிப்பெண் விழுக்காட்டை, 10 புள்ளி அளவுகோலில் அமைந்த திரள் தரப்புள்ளிச் சராசரியாகவோ (சி.ஜி.பி.ஏ.), அச்சராசரியை விழுக்காடாகவோ மாற்றிக் காட்டும் கணக்கு ஆகும். இந்தியாவில் இதற்கு ஒரே வாய்பாடு இல்லை. 10-ஆல் பெருக்குவோரும், 9.5-ஆல் பெருக்குவோரும், 0.75-ஐக் கழித்துவிட்டுப் பெருக்குவோரும் உளர். இவற்றுள் எது சரி என்னும் கேள்வி அடிக்கடி எழுகிறது. ஒவ்வொரு வாய்பாடும் வெவ்வேறு கேள்விக்கு விடையாகப் பிறந்தது என்பதே அதற்கான விளக்கம்.

## சிக்கல் எழும் இடம்

சென்னைக்குத் தென்மேற்கே உள்ள திருப்பெரும்புதூர் - ஒரகடம் தொழில் வட்டாரம் இச்சிக்கலைக் காண ஏற்ற இடம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மகிழுந்து ஆலை 1990-களின் இறுதியில் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-இலும், டைம்லர் சரக்குந்து ஆலை 2012-இலும், ராயல் என்ஃபீல்டு ஆலை 2013-இலும் இயங்கத் தொடங்கின. இவற்றைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்சாலைகள் பல உள்ளன. இவ்வட்டாரத்துப் பணிகளுக்கு அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் பயின்றோரும், பாலிடெக்னிக் பட்டயம் பெற்றோரும், பிற மாநிலப் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கின்றனர்.

பயிற்சிப் பொறியாளர் பணிக்கான அறிவிப்புகளில் "பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் ஆகிய மூன்றிலும் 60 விழுக்காடு" என்னும் நிபந்தனை பரவலாகக் காணப்படுகிறது. விண்ணப்பப் படிவத்தில் மூன்றுக்கும் விழுக்காட்டுக் கட்டங்களே இருக்கும். 2016-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தில் (சி.பி.எஸ்.இ.) பத்தாம் வகுப்பு முடித்த ஒருவரிடம் பத்தாம் வகுப்புக்குத் தரப்புள்ளி மட்டுமே இருக்கும், பன்னிரண்டாம் வகுப்புக்கு மதிப்பெண் இருக்கும், பட்டத்துக்கு மீண்டும் தரப்புள்ளிதான். அவர் மூன்று கட்டங்களில் இரண்டை ஏதேனும் ஒரு வாய்பாட்டைக் கொண்டே நிரப்ப வேண்டும். எந்த வாய்பாட்டை எடுக்கிறார் என்பதைப் பொறுத்து அவர் 60-க்கு மேலே நிற்கக்கூடும், கீழேயும் போகக்கூடும்.

## தரப்புள்ளி எவ்வாறு உருவாகிறது

மாற்றத்தைப் புரிந்துகொள்ள, தரப்புள்ளி முதலில் எப்படிக் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் 2008 ஒழுங்குமுறையின் வழியே தரப்புள்ளி முறைக்கு வந்தன. அதிலும் 2013 ஒழுங்குமுறையிலும் 91 முதல் 100 வரை பெற்றவருக்கு S என்ற தரமும் 10 புள்ளியும் வழங்கப்பட்டன. 81-90 எனில் 9, 71-80 எனில் 8, 61-70 எனில் 7, 57-60 எனில் 6, 50-56 எனில் 5 புள்ளி. 50-க்குக் கீழே தேர்ச்சி இல்லை.

ஒவ்வொரு பாடத்துக்கும் அதன் மதிப்பலகு (கிரெடிட்) எத்தனை என்று வகுக்கப்பட்டிருக்கும். பாடத்தின் தரப்புள்ளியை மதிப்பலகால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த மதிப்பலகால் வகுத்தால் சராசரி கிடைக்கும்.

```
CGPA = Σ(C × GP) / ΣC
```

இங்கு C என்பது மதிப்பலகு, GP என்பது தரப்புள்ளி. இக்கணக்கில் மதிப்பெண் நேரடியாக எங்கும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. 61 வாங்கியவரும் 70 வாங்கியவரும் 7 என்னும் ஒரே எண்ணாகிவிடுகின்றனர். 60 வாங்கியவரோ ஒரே மதிப்பெண் வேறுபாட்டில் 6-க்கு இறங்கிவிடுகிறார். மதிப்பெண் சாய்தளம் என்றால் தரப்புள்ளி மாடிப்படி. படியில் நிற்பவர் அப்படியின் எந்த ஓரத்தில் நிற்கிறார் என்பது ஒருமுறை மறைந்துவிட்டால், பின்னர் எந்த வாய்பாட்டாலும் அதை மீட்க இயலாது.

## ஓர் எடுத்துக்காட்டு

இரு மாணவர்கள் ஒரே ஐந்து பாடங்களை 2013 ஒழுங்குமுறையின்கீழ் எழுதினர் எனக் கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. படிகளின் எல்லைகள் மேலே கூறியவை.

| பாடம் | மதிப்பலகு | முதலாமவர் | புள்ளி | இரண்டாமவர் | புள்ளி |
|---|---|---|---|---|---|
| கணிதம் | 4 | 61 | 7 | 60 | 6 |
| வெப்பவியக்கவியல் | 3 | 71 | 8 | 70 | 7 |
| பொருளறிவியல் | 3 | 61 | 7 | 60 | 6 |
| மின்னணுவியல் | 3 | 51 | 5 | 56 | 5 |
| ஆய்வகம் | 2 | 91 | 10 | 89 | 9 |

இருவரின் மொத்த மதிப்பெண்ணும் 335. ஆகவே இருவருக்கும் விழுக்காடு 67. ஆனால் முதலாமவரின் புள்ளிகளை மதிப்பலகால் பெருக்கிக் கூட்டினால் 108 வருகிறது. 15-ஆல் வகுக்க 7.2. இரண்டாமவருக்கு 96 வருகிறது; 15-ஆல் வகுக்க 6.4.

மதிப்பலகைச் சேர்த்துக்கொண்டதால்தான் இவ்வேறுபாடு என்று ஒருவர் ஐயுறலாம். அவ்வாறன்று. மதிப்பெண்களையே மதிப்பலகால் பெருக்கிச் சராசரி எடுத்தால் முதலாமவருக்கு 65.00, இரண்டாமவருக்கு 65.07. அதாவது இரண்டாமவர் நூலிழை முன்னே நிற்கிறார். எனினும் தரப்புள்ளியில் 0.8 பின்தங்கிவிட்டார். காரணம் படிகள்தாம். முதலாமவர் ஐந்து பாடங்களிலுமே படியின் தொடக்கத்தை ஒட்டி நிற்கிறார். இரண்டாமவர் ஒவ்வொன்றிலும் படியின் மேல் ஓரத்தில் அல்லது அதன் அருகே நிற்கிறார்.

இது வெறும் கணக்கு விளையாட்டு அன்று. அவ்வொழுங்குமுறையில் முதல் வகுப்புக்குக் குறைந்தது 6.5 சராசரி வேண்டும். இரண்டாமவர் படிப்பு முழுதும் இதே நிலையில் இருந்தால் அவருக்கு முதல் வகுப்பு கிடைக்காது. 60 விழுக்காட்டுக்கு முதல் வகுப்பு என்றிருந்த பழைய முறையில் இருவருமே ஐயமின்றி முதல் வகுப்பு.

## மூன்று வாய்பாடுகள், மூன்று பிறப்புகள்

இப்போது, மதிப்பெண் தெரியாத ஓர் அலுவலர் இவ்விருவரின் சராசரியை மட்டும் பார்த்து விழுக்காடு கணக்கிடுகிறார் எனக் கொள்வோம்.

| வாய்பாடு | 7.2 எனில் | 6.4 எனில் |
|---|---|---|
| CGPA × 10 | 72.0 | 64.0 |
| CGPA × 9.5 | 68.4 | 60.8 |
| (CGPA − 0.75) × 10 | 64.5 | 56.5 |

இருவரின் உண்மை விழுக்காடும் 67 (மதிப்பலகின்படி 65). இரண்டாமவர் முதலிரு வாய்பாடுகளில் 60-ஐத் தாண்டுகிறார், மூன்றாவதில் விழுந்துவிடுகிறார்.

முதலாவதான 10-ஆல் பெருக்கல், அண்ணா பல்கலைக்கழகப் பட்டதாரிகளிடையே மிகப் பரவலாக வழங்குவது. 10 புள்ளியை 100 விழுக்காடு எனக் கொள்ளும் வெறும் அளவுமாற்றம் இது. எளிமையே இதன் வலிமை. ஆனால் 91 வாங்கியவரையும் 100 வாங்கியவராக இது காட்டும். படிகள் 10 மதிப்பெண் அகலமாயிருக்கும் இடத்தில் ஒவ்வொருவரையும் அவருடைய படியின் உச்சிக்கே ஏற்றிவிடுகிறது. மதிப்பெண்கள் படியில் சீராகப் பரவியிருந்தால் இவ்வாய்பாடு சராசரியாக 4.5 விழுக்காடு மிகுத்துக் காட்டும்.

இரண்டாவதான 9.5, பொறியியலுக்கு உரியதே அன்று. சி.பி.எஸ்.இ. 2009-10 கல்வியாண்டில் தொடர் மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்து, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மதிப்பெண்ணுக்குப் பதிலாகத் தரப்புள்ளியை அச்சிட்டது. சராசரியை 9.5-ஆல் பெருக்கினால் தோராய விழுக்காடு கிடைக்கும் என்று அவ்வாரியமே குறிப்புத் தந்தது. 91 முதல் 100 வரை வாங்கியவர்களின் சராசரி ஏறத்தாழ 95 என்பதும், அதை 10-ஆல் வகுத்தால் 9.5 என்பதும் இதற்குத் தரப்படும் விளக்கம். வாரியத்தின் படிகள் (91-100, 81-90 என) பெரும்பாலும் சீரான 10 அகலம் கொண்டவை. ஒரு படியின் நடுப்புள்ளியை இவ்வாறு எழுதலாம்:

```
நடுப்புள்ளி = 10 × GP − 4.5
```

9 புள்ளிக்கு இது 85.5 தரும்; 9 × 9.5 என்பதும் அதே 85.5. 10 புள்ளிக்கு 95.5, வாய்பாடு 95 தரும். மேல்படிகளில் இவ்வளவு நெருக்கம். கீழே இறங்கினால் விலகல் தெரியும்: 6 புள்ளியின் நடு 55.5, வாய்பாடு தருவது 57. ஆக 9.5 என்பது மேல்படி மாணவருக்குத் தைத்த சட்டை. பத்தாம் வகுப்புத் தேர்வு 2018 முதல் மீண்டும் மதிப்பெண்ணுக்குத் திரும்பிவிட்டது. எனினும் 2010 முதல் 2017 வரை முடித்தோரின் சான்றிதழ்கள் வழக்கில் உள்ளமையால் இவ்வெண் உயிருடன் இருக்கிறது. அச்சான்றிதழ்களுக்கு 9.5-ஐப் பயன்படுத்துவதே முறை. அதைப் பொறியியல் பட்டத்துக்கு நீட்டுவது பிழை. இங்கு படிகளும் வேறு, அதைப் பரிந்துரைத்த அமைப்பும் வேறு.

மூன்றாவது வாய்பாடு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) ஓர் இணைப்பட்டியலிலிருந்து வந்தது. அதில் 6.25 புள்ளிக்கு 55 விழுக்காடு, 6.75-க்கு 60, 7.25-க்கு 65, 7.75-க்கு 70, 8.25-க்கு 75 என்று இருந்தது. பட்டியலை வாய்பாடாக்கினால் 0.75-ஐக் கழித்து 10-ஆல் பெருக்க வேண்டும் என்று வரும். ஆசிரியர் பணிக்கான கல்வித்தகுதி போன்றவற்றில் முதல் வகுப்பை எங்கே தொடங்குவது என்று தீர்மானிக்கவே இத்தகைய பட்டியல்கள் தேவைப்பட்டன. ஆகவே இது மதிப்பெண்ணை மீட்டெடுக்கும் முயற்சி என்பதைவிட, எல்லைக்கோட்டை எங்கே நடுவது என்னும் முடிவு எனலாம். நடுப்புள்ளிக் கணக்கு கழிக்கச் சொல்வது 0.45, பட்டியல் கழிப்பது 0.75. அந்த 0.3 வேறுபாடு 3 விழுக்காடாக மாறுகிறது. எல்லையில் நிற்பவருக்கு அது சிறிய தொகை அன்று.

இதே நோக்கில் அண்ணா பல்கலைக்கழகத்தின் வகுப்பு எல்லைகளையும் பார்க்கலாம். பழைய முறையில் முதல் வகுப்பு 60, தனிச்சிறப்பு 75. தரப்புள்ளி முறையில் 6.5, 8.5. இவ்விரு இணைகளையும் தொடும் நேர்கோடு பின்வருமாறு:

```
விழுக்காடு = 7.5 × CGPA + 11.25
```

இது பல்கலைக்கழகம் அறிவித்த வாய்பாடு அன்று. வகுப்பு எல்லைகள் மறைவாகச் சொல்லும் செய்தியை எண்ணாக்கியது மட்டுமே. இதன்படி 7.2 என்பது 65.25 ஆகிறது, 6.4 என்பது 59.25. "6.5 எடுத்தால் முதல் வகுப்பு" என்று விதிக்கும்போதே, 6.5 என்பது பழைய 60-க்கு நிகர் என்று கருதப்பட்டதாகத்தான் பொருள். அதே 6.5-ஐப் பத்தால் பெருக்கி 65 என்று எழுதும்போது வேறொரு நிகரை நாம் ஏற்கிறோம். இரண்டும் ஒரே மாணவரின் ஒரே சான்றிதழைப் பற்றியவை.

## எதிர்த்திசையில்

விழுக்காட்டிலிருந்து தரப்புள்ளிக்குப் போவதும் இவ்வாறே. மேற்கண்ட 67 விழுக்காட்டை 10-ஆல் வகுத்தால் 6.7, 9.5-ஆல் வகுத்தால் 7.05, 10-ஆல் வகுத்து 0.75 கூட்டினால் 7.45. நம் இருவரின் உண்மைச் சராசரிகளோ 7.2, 6.4. மூன்று விடைகளில் ஒன்றுகூட எவருக்கும் பொருந்தவில்லை.

ஆயினும் இத்திசையில் ஒரு நல்வாய்ப்பு உண்டு. பட்டயம் முடித்தவர் போன்று பாடவாரியான மதிப்பெண் கையில் உள்ளோர், மொத்த விழுக்காட்டை வாய்பாட்டில் இட வேண்டியதில்லை. பாடம் பாடமாகப் படிகளைப் பார்த்து, ஒவ்வொரு மதிப்பெண்ணையும் தரப்புள்ளியாக்கி, பின்னர் சராசரி எடுக்கலாம். எந்த நிறுவனத்தின் படிகளைப் பின்பற்றுகிறோம் என்பதைக் குறிப்பிட்டுவிட்டால் இதில் தோராயம் இல்லை. தரப்புள்ளியிலிருந்து மதிப்பெண்ணுக்கு இவ்வாறு திரும்பி வர வழியில்லை. வாய்பாடு தந்த எண்ணைச் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு: தரங்கள் அச்சிடப்பட்ட பட்டியலை எடுத்து, ஒவ்வொரு தரத்துக்கும் அப்படியின் கீழெல்லையை இட்டு ஒரு சராசரியும், மேலெல்லையை இட்டு இன்னொரு சராசரியும் காண வேண்டும். உண்மை விழுக்காடு இவ்விரண்டுக்கும் இடையே இருந்தே தீரும். இரண்டாமவருக்கு மதிப்பலகின்படி இவ்வெல்லைகள் 59.6, 65.2. எனவே மூன்றாவது வாய்பாடு அவருக்குத் தரும் 56.5 நிகழவே முடியாத எண்.

## படிகளே மாறும்போது

ஒரே பல்கலைக்கழகத்துக்குள்ளும் படிகள் நிலையாக இருக்கவில்லை. 2008, 2013 ஒழுங்குமுறைகளில் 56 மதிப்பெண்ணுக்கு 5 புள்ளி. 2017 ஒழுங்குமுறையில் 50 முதல் 60 வரை முழுவதும் ஒரே படியாகி 6 புள்ளி பெற்றது. 2021 ஒழுங்குமுறையின் நிலையான படிகளில் 50-55 எனில் 5, 56-60 எனில் 6. நம் இரண்டாமவர் இப்பிந்தைய இரண்டில் எதன்கீழ் எழுதியிருந்தாலும், மின்னணுவியல் ஒன்றாலேயே அவருடைய சராசரி 6.4-இலிருந்து 6.6-ஆக உயர்ந்திருக்கும். விடைத்தாள் அதே, மதிப்பெண் அதே.

பல்கலைக்கழக மானியக் குழு தெரிவுசார் மதிப்பலகு முறைக்காகப் பரிந்துரைத்த 10 புள்ளி அளவுகோலும் இச்சிக்கலைத் தீர்க்கவில்லை. O எனில் 10, A+ எனில் 9 என்று எழுத்துக்கும் புள்ளிக்கும் உள்ள இணைப்பை அது வகுத்தது. எத்தனை மதிப்பெண்ணுக்கு O என்பதைப் பல்கலைக்கழகங்களிடம் விட்டது. அளவுகோலின் தோற்றம் எங்கும் ஒன்றாகியது. அதன் கோடுகள் ஒன்றாகவில்லை.

2021 ஒழுங்குமுறையில் இன்னொரு பெரிய மாற்றமும் வந்தது. ஒரு பாடத்தில் மாணவர் எண்ணிக்கை 30-க்கு மேல் இருந்தால் ஒப்பீட்டுத் தரமிடல் பின்பற்றப்படும். 30 அல்லது அதற்குக் குறைவெனில் நிலையான படிகள். ஒப்பீட்டுத் தரமிடலில் தேர்ச்சி பெற்றோரின் மதிப்பெண்கள் மட்டும் எடுக்கப்பட்டு, பாக்ஸ்-காக்ஸ் உருமாற்றம் என்னும் புள்ளியியல் முறையால் சீரான மணிவடிவப் பரவலுக்கு நெருக்கமாகக் கொண்டுவரப்படுகின்றன. பின்னர் அப்பாடத்துக்கென்றே தர எல்லைகள் கணக்கிடப்படுகின்றன. கடினமான வினாத்தாள் அமைந்த பாடத்தில் 91-க்குக் கீழேயே O தொடங்கலாம். எளிய தாளில் 91 வாங்கியவர் O-வைத் தவறவிடலாம்.

இவ்வாறு பெற்ற தரப்புள்ளி, மாணவர் எத்தனை மதிப்பெண் வாங்கினார் என்பதைச் சொல்வதில்லை. உடன் எழுதியோரிடையே எங்கே நின்றார் என்பதையே சொல்கிறது. முன்னர்க் கூறிய கீழெல்லை-மேலெல்லைச் சோதனையும் இங்கு செல்லாது, ஏனெனில் எல்லைகள் பாடத்துக்குப் பாடம் வேறு. இத்தகைய சராசரியைப் பத்தால் பெருக்கிக் கிடைப்பதை விழுக்காடு என்று அழைக்கலாமே தவிர, அது எந்தத் தேர்விலும் எவரும் வாங்கிய மதிப்பெண் அன்று.

## படிவத்தை நிரப்பும்போது

விண்ணப்பத்தில் எந்த வாய்பாடு என்று குறிப்பிட்டிருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும். குறிப்பிடாதபோது, பட்டம் வழங்கிய பல்கலைக்கழகம் தன் சான்றிதழிலோ மதிப்பெண் பட்டியலிலோ கூறும் மாற்றமே செல்லுபடியாகும். மூன்றையும் கணக்கிட்டுப் பார்த்து உயர்ந்த எண்ணை எழுதுவது பின்னர்ச் சான்றிதழ் சரிபார்ப்பின்போது சிக்கலாகும். அங்கு கேட்கப்படுவது எண்ணின் அளவு அன்று, அதன் ஆதாரம். விழுக்காட்டுக் கட்டம் எண்ணை மட்டும் ஏற்குமாயின், இணைப்பு அல்லது குறிப்புப் பகுதியில் மூலச் சராசரியையும், பயன்படுத்திய வாய்பாட்டையும், எந்த ஒழுங்குமுறையின்கீழ்ப் பயின்றார் என்பதையும் எழுதுவது நன்று. "6.4 / 10, 2013 ஒழுங்குமுறை, × 10" என்னும் ஒரு வரி போதும், படிப்பவர் வேறு வாய்பாட்டைக் கையாள்பவராயினும் மீண்டும் மூலத்திலிருந்து தொடங்கிக் கணக்கிட முடியும்.